அம்மம்மாவின் கல்வெட்டு

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் வயதான ஒருவர் கண்மூடினால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குள் ஒரு பாட்டு எழுதி, அச்சாகி, வந்தவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர். இந்நாளில் நினைவு மலர் என்றும் போடுகிறார்கள். சாவீட்டில் பெண்கள் கூடி அழுது பாடும் ஒப்பாரி வேறு. அது அந்த நேரத்தில் பிறந்து அங்கேயே முடிந்துவிடும். கல்வெட்டு, தமிழ் படித்த ஒருவரிடம் சொல்லி எழுதுவித்து வாங்குவது. புறநானூற்றுக் கையறுநிலை மன்னனையும் வள்ளலையும் பாடியது. இதுவோ கீரை நட்டு, மாடு வளர்த்து, பிள்ளைகளைப் படிப்பித்த அம்மம்மாவைப் பாடும்.

அப்படி ஒரு பாட்டின் பயணத்தைப் பின்தொடர்வோம். மாதிரிக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அம்மம்மா வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவர், போர்க்காலத்தில் பிள்ளைகளோடு கனடா போனவர், எண்பத்தெட்டு வயதில் ரொறன்ரோவில் இறந்தார். விளம்பி வருடம், தை மாதம், பின்னேரம் நான்கு மணி. பாட்டு எழுதப்போகிறவர் ஊரில் இருக்கும் இளைப்பாறிய தமிழ் வாத்தியார். அவரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "என்ன திதி?"

அவர் இரக்கமில்லாமல் அப்படிக் கேட்கவில்லை. கல்வெட்டின் மற்ற எந்தப் பகுதியை விட்டாலும் திதி வெண்பாவை விட முடியாது. வருடாவருடம் திவசம் கொடுப்பது இறந்த தேதியில் அல்ல, அந்த மாதத்தில் அதே பக்கத்துத் திதி வரும் நாளில். வருடப் பெயர், மாதம், பூர்வ பக்கமா அபர பக்கமா என்பது, திதி ஆகிய நான்கையும் நாலு வரிக்குள் வைத்துக் கட்டிவிட்டால் பேரப்பிள்ளைகளும் மறக்க மாட்டார்கள். நாட்காட்டி கிழிந்து போகும், வெண்பா மனப்பாடமாக நிற்கும்.

கனடாவில் இருக்கும் மகன் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்து நவமி என்று எழுதி அனுப்பினார். வாத்தியார் அதை அப்படியே எடுக்கவில்லை. அந்தக் கலண்டரின் திதி நேரங்கள் இலங்கை நேரத்துக்குக் கணித்தவை. குளிர்காலத்தில் ரொறன்ரோ யாழ்ப்பாணத்துக்குப் பத்தரை மணி நேரம் பிந்தி நிற்கும். அங்கே பின்னேரம் நான்கு மணி என்றால் இங்கே மறுநாள் அதிகாலை இரண்டரை. நவமி நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் முடிந்துவிட்டது. ஆகவே அம்மம்மா போனது தசமியில். திதி மாறும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி இடைவெளியில் உயிர் போயிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் ஒத்துப்போகாது. எந்தப் பஞ்சாங்கம் என்பதைக் குடும்பத்துக் குருக்களிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பிழையான திதி அச்சாகிவிட்டால் ஐந்நூறு பிரதியையும் திரும்ப வாங்க முடியாது. பத்து வருடம் கழித்து அண்ணனும் தங்கையும் வெவ்வேறு நாளில் விரதம் இருப்பார்கள்.

திதி தீர்ந்த பிறகு குறிப்புகள் வரும். பெற்றோர் பெயர், கூடப் பிறந்தவர்கள், கணவர், பிள்ளைகள், மருமக்கள், பேரர், பூட்டர். பழைய கல்வெட்டுக்கு ஒரு சட்டகம் உண்டு. விநாயகர் காப்பில் தொடங்கி, ஊர்ச் சிறப்பு, மரபு, பிறப்பு, மணம், மக்கட்பேறு, நோய், மரணம் என்று வந்து, பிறகு ஒவ்வொருவர் வாயிலாகவும் புலம்பல் நடக்கும். மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று தலைப்பிட்டு, முன்பின் அறியாத ஒரு வாத்தியார் அவர்களுக்காக அழுவார். கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் வாய் திறந்து சொல்லத் தெரியாத மூத்த மகனுக்கு அந்த இரவல் குரல்தான் பேச்சு. இந்த வரிசையில் ஒரு மருமகன் பெயர் விடுபட்டால் வரும் சண்டை அந்தியேட்டிச் சமையலையே நிறுத்திவிடும். அதனால் அனுபவசாலிகள் பெயர்ப் பட்டியலைக் குடும்பத்தில் ஒருவரிடம் மட்டும் வாங்குவதில்லை. இரண்டு பேரிடம் வாங்கி ஒத்துப் பார்ப்பார்கள்.

எழுதித் தேர்ந்தவர்கள் கையில் வார்ப்புகள் இருக்கும். பெயரை மாற்றினால் அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முப்பத்தொரு நாளில் வேறென்ன செய்வது? ஆனால் யாப்பு காட்டிக்கொடுத்துவிடும். பொன்னம்மா என்றால் நேர் நேர் நேர், தேமாங்காய்; வெண்பாவில் சுகமாக உட்காரும். அதே இடத்தில் பரமேஸ்வரியைத் தூக்கி வைத்தால் நிரை நேர் நிரை, புளிமாங்கனி. வெண்பாவில் கனிச்சீர் வரக் கூடாது. உரக்கப் படித்தால் பெயர் வரும் இடத்தில் நாக்கு இடறும். இடறினால் அது இன்னொரு வீட்டுப் பாட்டு.

நம் வாத்தியாரின் முதல் வரைவிலும் பேரர் பகுதி அப்படித்தான் வந்தது. எம்மைத் தவிக்கவிட்டுப் போனாயோ, இனி யார் எமக்குத் துணை என்ற வகை. மூத்த மகள் அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார். "மாஸ்ரர், அம்மா எண்பத்தெட்டு வயதில, கட்டில்ல படுத்தபடி, பூட்டப்பிள்ளையையும் கண்டுட்டுப் போனவ. பேரப்பிள்ளையள் ஒருத்தரும் தவிச்சு நிக்கேல்ல. கவலைதான், ஆனா அது வேற கவலை." சரியான கண்டனம். முப்பது வயதில் போனவருக்கு எழுதும் புலம்பலை முழு வாழ்வு வாழ்ந்தவருக்குப் போட்டால் துக்கமும் பொய்யாகிவிடும், ஆறுதலும் ஒட்டாது. முதியவருக்கு எழுதும்போது புலம்பலைச் சுருக்கித் தேறுதலை நீட்ட வேண்டும். தேறுதலோ வெறும் தத்துவமாக நின்றால் காதில் ஏறாது. பிறந்தவர் இறப்பர் என்பது தெரியாமலா கூடத்தில் இருப்பவர்கள் வந்திருக்கிறார்கள்?

வாத்தியார் திருப்பிக் கேட்டார். "அம்மா பின்னேரங்களில என்ன செய்வா?" கிணற்றுக் கட்டில் கால் கழுவிவிட்டுக் கீரை ஆய்வாராம். காசைச் சேலை நுனியில் முடிந்து வைப்பாராம். வளவில் பலா பழுத்தால் அயலெல்லாம் பிளந்து கொடுப்பாராம். நாலு வரி அறுசீர் விருத்தமாக மறுநாள் வந்தது:

கிணற்றுக் கட்டில் கால்கழுவிக்
  கீரை ஆய்ந்த மாலைகளும்
பணத்தை முடிந்த சேலைநுனி
  பழுத்த பலாவின் பிளவுகளும்
மணக்கும் திருநீ றணிநெற்றி
  மறவோம் நாங்கள் அம்மம்மா
உணவின் ருசியில் இருக்கின்றாய்
  உனக்கேன் கண்ணீர் விடவேண்டும்

கடைசி வரிக்குச் சின்ன மகன் முகம் சுளித்தார். கண்ணீர் ஏன் என்று கேட்பது அழுகிறவர்களைக் கண்டிப்பது போல இல்லையா என்றார். வாத்தியார் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதியவரின் பக்கம்தான் நானும். அழாதே என்று வேறொருவர் சொன்னால் கண்டிப்பு. பேரப்பிள்ளை அம்மம்மாவைப் பார்த்து உனக்கேன் அழ வேண்டும் என்று கேட்டால் அது செல்லம்.

திதி வெண்பா அதற்குப் பிறகு எழுந்தது:

ஆண்டு விளம்பி அருந்தைப் பிறையொளியைப்
பூண்ட வளர்பக்கப் பூந்தசமி – யாண்டும்
எமைவளர்த்த அம்மம்மா ஈசன் இணைத்தாள்
சுமையிறக்கிச் சேர்ந்த தினம்

வருடம், மாதம், பக்கம், திதி நான்கும் முதல் இரண்டு அடியிலேயே முடிந்துவிட்டன. மற்ற இரண்டடியும் ஆறுதலுக்கு. தசமிக்கு முன் பூவைச் சேர்த்தது மோனைக்காகவும் அசைக்காகவும்தான். அந்த நாளுக்கும் பூவுக்கும் வேறு உறவில்லை. சுமையிறக்கி என்பதில் மட்டும் வாத்தியார் வார்ப்பைத் தாண்டியிருக்கிறார். ஊரில் விறகும் தண்ணீரும் சுமந்த பெண்களுக்கு அந்தச் சொல் உடம்பில் தெரியும்.

எட்டுச்செலவு முடிந்து சில நாளில் பாட்டு அச்சுக்குப் போனது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் வெண்பாவின் தனிச்சொல்லுக்கு முன்வரும் கோட்டை அச்சுக்காரர் விட்டுவிடுவார் என்று புலவர்கள் பயப்பட்டார்கள். இன்று கணினி எழுத்துருவில் ஒரு வரி மடங்கி அடுத்த வரியில் விழுவதுதான் பயம். புத்தகத்தை நடுவில் ஊசி குத்தித் தைப்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். பாட்டும் படமும் வம்சாவளியும் சேர்ந்து பதினெட்டுப் பக்கம் வந்தால் மிச்சம் இரண்டையும் நிரப்பச் சிவபுராணம் போடுவார்கள். பல கல்வெட்டுகளில் தேவாரமும் திருவாசகமும் இருப்பதற்குப் பக்தி ஒரு காரணம், தாளை மடிக்கும் கணக்கு இன்னொரு காரணம்.

அந்தியேட்டி ஊரில் என்றால் கீரிமலையில் கிரியை முடித்து வீட்டுக்கு வந்த பின் கல்வெட்டு வாசிப்பார்கள். ரொறன்ரோவில் வசதிக்காக வார இறுதியில் மண்டபம் எடுத்துப் பிரார்த்தனைக் கூட்டமாக வைத்தார்கள். தேவாரம் பாடி முடித்ததும், இசை தெரிந்த பேத்தி புத்தகத்தைக் கையில் எடுத்தாள். முழுவதும் படிக்க நேரமில்லை. ஊர்ச் சிறப்பு, மரபு எல்லாவற்றையும் தாண்டி, பேரர் பாட்டையும் திதி வெண்பாவையும் மட்டும் இராகம் இழுத்துப் பாடினாள். சேலைநுனி வந்த இடத்தில் பின்வரிசையிலிருந்த மூதாட்டிகள் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்கள்.

பிறகு அந்தப் புத்தகம் பல வழியில் போனது. சில பிரதி சுவாமி அறையில், சில காரின் பின்னிருக்கையில். ஒரு பிரதி நூலகம் நிறுவனத்துக்குப் போனது. 2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் வருடி இணையத்தில் சேர்த்து வருகிறது. போரில் ஊரும் பதிவேடும் சிதறிய சமூகத்துக்கு, எந்த ஊரில் யார் யாரை மணந்தார், பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதைக் காட்டும் காகிதங்களில் கல்வெட்டும் ஒன்று. ஆய்வாளர்கள் இவற்றை வம்சாவளிப் பக்கத்துக்காகத் தேடுகிறார்கள். கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். கல்வெட்டில் எல்லாரும் நல்லவர்கள். பேச்சு வார்த்தை அறுந்த தம்பி பட்டியலிலேயே இல்லாமல் போயிருப்பார்.

அடுத்த வருடம் விகாரி. மகன் அம்மா இறந்த தேதியான ஜனவரி 15ஐக் கைத்தொலைபேசியில் நினைவூட்டலாகப் போட்டு வைத்திருந்தார். அந்த நாளில் தேய்பிறை ஓடிக்கொண்டிருந்தது. தங்கை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணா, வளர்பக்கத் தசமி எண்டு எழுதியிருக்கு, பாருங்கோ" என்றார். குருக்களிடம் கேட்டபோது தையில் அந்தத் தசமி பெப்ரவரி முதல் வாரத்தில்தான் வருகிறது என்று தெரிந்தது. மண்டபத்துக்குச் சொன்ன சாப்பாட்டு ஓடரை மூன்று கிழமை தள்ளிப் போட்டார்கள்.