திராவிட மொழிக்குடும்பம்: கிளைத்த வரலாறு

திராவிட மொழிக்குடும்பம் என்பது ஒரே மூலமொழியிலிருந்து பிரிந்து வளர்ந்த தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு, கோண்டி, பிராகுயி முதலிய மொழிகளின் தொகுதி. மூலமொழியைத் தொல் திராவிடம் என்பர். அதில் எழுதப்பட்ட எதுவும் கிடைக்கவில்லை. இன்றுள்ள மொழிகளை ஒப்பிட்டே அதன் சொற்களை அறிஞர்கள் மீட்டெடுக்கின்றனர்.

உறவு அறியப்பட்ட விதம்

தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக இருந்தது. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் இதை மறுத்தார். காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலில் 1816இல் வெளிவந்த அவருடைய குறிப்பு, தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகளின் வேர்ச்சொற்களை அருகருகே வைத்துக் காட்டியது. 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இந்த உறவை விரித்து நிறுவினார்.

ஒரு சொல்லின் வழித்தடம்

காதைக் குறிக்கும் ‘செவி’ என்னும் சொல் மலையாளத்திலும் தெலுங்கிலும் ‘செவி’தான். கன்னடத்தில் அது ‘கிவி’, குடகு மொழியில் ‘கெவி’, துளுவில் ‘கெபி’. இந்த வேறுபாடு ஒரு சொல்லோடு நிற்பதில்லை. தமிழ்ச் ‘சேரி’க்குக் கன்னடத்தில் ‘கேரி’, ‘சிறு’வுக்குக் ‘கிறு’ என்று வரிசையாக வருகிறது. மூலத்தில் இருந்தது ககரமே. இகர, எகர உயிர்களுக்கு முன் அது தமிழில் சகரமாகத் திரிந்தது, கன்னடத்தில் திரியவில்லை.

அப்படியானால் ‘கிளி’, ‘கெடு’, ‘கேள்’ ஆகியவை தமிழில் ஏன் மாறவில்லை? இவற்றில் ககர உயிர்மெய்யை அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாவளை ஒலி வருகிறது. அது திரிபைத் தடுத்தது. ‘கீதம்’ போன்றவை திரிபு நடந்து முடிந்தபின் வடமொழியிலிருந்து வந்தவை; அதனால் அவற்றிலும் ககரமே உள்ளது. முதலில் விதிவிலக்காகத் தோன்றுவது இவ்வாறு பெரும்பாலும் காரணத்தோடு விளங்கிவிடும்.

கிளைகளின் வரிசை

மலையாளத்திலும் ‘செவி’, ‘கிளி’ என்றே வருகின்றன. திரிபும் தடையும் ஒருசேர இரண்டிலும் இருப்பதால், தமிழும் மலையாளமும் ஒன்றாக இருந்தபோதே இம்மாற்றம் நடந்தது என்று கொள்ளலாம். கன்னடம் அதற்கு முன்பே தனி வழி போயிருக்க வேண்டும். அசோகரின் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் ‘கேரள’ என்று ககரத்தோடு குறிக்கும் பெயர் சங்க நூல்களில் ‘சேரலர்’ என வருவதைக் கொண்டு, திரிபு அக்காலத்தை ஒட்டியது எனக் கணிப்போர் உண்டு.

தெலுங்கின் ‘செவி’ தமிழோடு ஒத்திருந்தாலும் அதைக் கொண்டு நெருங்கிய உறவு சொல்ல முடியாது. தெலுங்கில் கெடுதலுக்குச் ‘செடு’, கிளிக்குச் ‘சிலுக’. நாவளை ஒலி அங்கே தடையாகவில்லை. ஆகவே இதே போன்ற மாற்றம் தெலுங்கில் தனியாக நிகழ்ந்திருக்கிறது. உயிரும் மெய்யும் இடம் மாறுவதும் தெலுங்கில் காணப்படும் போக்கு: ‘உரல்’ அங்கே ‘ரோலு’, ‘அவர்’ அங்கே ‘வாரு’.

கன்னடம் பிரிந்த பிறகும் மாறிக்கொண்டே வந்தது. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம், சுமார் 10ஆம் நூற்றாண்டிலிருந்து படிப்படியாக ஹகரமாயிற்று. பால் ‘ஹாலு’ ஆனதும், புலி ‘ஹுலி’ ஆனதும், பத்து ‘ஹத்து’ ஆனதும் இப்படித்தான். மேற்குக் கரைத் தமிழ் மலையாளமாக உருப்பெற்றதும் ஏறத்தாழ இதே நூற்றாண்டுகளில். அங்கே ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் விகுதி வேறுபாடு மறைந்து, யார் வந்தாலும் ‘வன்னு’ என்றாயிற்று.

கடனும் உறவும்

பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயியின் சொற்களில் பெரும்பகுதி பலூச்சி, பாரசீகம் முதலியவற்றிலிருந்து வந்தவை. எண்ணுப்பெயர்களிலேயே மூன்றுக்கு மேல் எல்லாம் கடன். ஆனால் முன்னிலைப் பெயர் இன்றும் ‘நீ’; இரண்டு ‘இரட்’; காது ‘கஃப்’. எளிதில் கடன் வாங்கப்படாத இத்தகைய சொற்களும் இலக்கண உருபுகளுமே அதைத் திராவிட மொழி என்று காட்டுகின்றன.

காலக் கணிப்பு

ஒலித்திரிபுகள் எது முன், எது பின் என்பதைச் சொல்லும், ஆண்டைச் சொல்லா. அதற்குக் கல்வெட்டோ வேறு சான்றோ வேண்டும். 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, இக்குடும்பத்தின் வயதைச் சுமார் 4,500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. சொற்கள் மாறும் வேகம் பற்றிய அனுமானங்களைச் சார்ந்திருப்பதால், இம்மதிப்பு பல நூற்றாண்டுகள் முன்பின்னாக இருக்கக்கூடும்.