அழுத்தம் யாருடையது? பிரெஞ்சும் ஆங்கிலமும்

ஆங்கிலத்தில் அழுத்தம் சொல்லுக்கு உரியது. பிரெஞ்சில் சொற்றொடருக்கு உரியது. இரண்டின் தாளமும் இங்கேதான் பிரிகிறது. இரு மொழியிலும் உள்ள ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலத்தில் 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில் விழும். 'ஃபோட்டோகிராஃபி' என்றால் இரண்டாம் அசைக்கு மாறும். அழுத்தம் பெற்ற அசை நீள, மற்றவை சுருங்கும். அவற்றின் உயிரொலியும் மங்கும். 'ஃபோட்டோகிராஃபி'யின் முதல் அசை 'ஃப' என்று கேட்கும் அளவுக்குத் தேய்ந்துவிடும். அழுத்தம் எங்கே என்பதை அகராதியே குறித்துவிடுகிறது.

பிரெஞ்சில் அது ஃபோ-தோ-க்ரா-ஃபி. நான்கு அசைகளிலும் உயிரொலி முழுசாக ஒலிக்கும்; தனியே சொன்னால் கடைசி 'ஃபி' மட்டும் நீளும். 'பழைய புகைப்படம்' என்று சொல்ல, பின்னால் 'ஆன்சியென்' என்ற பெயரடையைச் சேர்த்தால் 'ஃபி' அந்த நீட்சியை இழந்துவிடும். இப்போது நீள்வது 'சியென்'. ஒரே மூச்சில் சேர்ந்து வரும் சொற்கூட்டத்தின் கடைசி அசைக்கே அழுத்தம் என்பதால், பிரெஞ்சு அகராதிகள் அதைக் குறிப்பதில்லை.

இந்தத் தாள வேறுபாட்டுக்கு அசைகளின் உருவமும் துணை செய்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதும் ஓர் அசைதான். பிரெஞ்சிலோ மெய்யில் தொடங்கி உயிரில் முடியும் அசைகளே மிகுதி. சொல்லின் கடைசி மெய்யும் அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டிக்கொள்ளும்: 'அவளோடு' என்ற பொருளில் 'அவெக்', 'எல்' சேர்ந்தால் அ-வெ-கெல்.

1945இல் மொழியியலாளர் கென்னத் பைக், அழுத்தத்தால் காலம் அளக்கும் மொழிகள், அசையால் அளக்கும் மொழிகள் என்று பிரித்தார். பிரெஞ்சு இரண்டாம் வகையின் வழக்கமான எடுத்துக்காட்டாயிற்று. ஆனால் கருவியால் அளந்தால் அசைகள் சமமாக இல்லை. கூட்டத்தின் கடைசி அசை பெரும்பாலும் மற்றவற்றைப்போல் இரு மடங்கை நெருங்குகிறது. 1982இல் ஆய்வாளர்கள் வெங்க், வியோலாந் இருவரும் இந்த இறுதி நீட்சியே பிரெஞ்சுத் தாளத்தின் அடிப்படை என்று வாதிட்டனர். நடுவில் எந்த அசையும் தேயாததால்தான் காதுக்கு எல்லாம் சமமாகத் தோன்றுகிறது.

தமிழருக்கு இடறல் வேறு. 'பல்', 'பால்' என நீளத்தால் பொருள் பிரித்துப் பழகிய நாம், மேலே நெடிலாக எழுதியிருக்கும் 'ஃபோ-தோ'வையும் நீட்டியே படிப்போம். பிரெஞ்சில் அவை குறிலளவே ஒலிக்கும். ஆங்கிலேயரோ நடு அசைகளை விழுங்கிவிடுவார். சரிபார்க்க எளிய வழி, தொடரின் இறுதியில் ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பது. பழைய இடத்தில் நீட்சி தங்கிவிட்டால், தாளம் இன்னும் பிரெஞ்சுக்கு வரவில்லை.