தோடும் குழையும்: காதணிகளின் அமைப்பும் அசைவும்

ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களைத் தமிழன்னையின் அணிகலன்களாக நிரல்படுத்திக் காட்டுவது மேடைகளில் நெடுநாளைய வழக்கம். சிலம்பு காலுக்கு, மேகலை இடைக்கு, வளை கைக்கு, சிந்தாமணி முடிக்கு, குண்டலம் காதுக்கு எனப் பங்கீடு அழகாக அமைந்துவிடும். ஆனால் குண்டலகேசி என்னும் பெயரில் காதணி இல்லை. சுருண்ட கூந்தலை உடையவள் என்பதே அப்பெயரின் பொருள். குண்டலம் என்ற சொல்லுக்குச் சுருள், வளையம் என்பன அடிப்படைப் பொருள்கள். சுருண்டிருப்பதால் கூந்தலுக்கும் வளைந்திருப்பதால் காதணிக்கும் அது பெயராயிற்று. பட்டிமன்றத்திற்கு இனிக்கும் அப்பங்கீடு சொல்லாராய்ச்சிக்கு நில்லாது. எனினும் ஒரு பயனுள்ள குறிப்பு இதில் உண்டு. காதணிகளின் பழம்பெயர்கள் பொன்னையோ மணியையோ சுட்டுவதில்லை, வடிவத்தையே சுட்டுகின்றன.

தோடு என்ற சொல்லை நோக்கினால் இது தெளிவாகும். தோடு என்பது ஓலை. மலரின் இதழுக்கும் அதுவே பெயர். காதில் அணிவதற்கு ஓலை என்ற பெயரும் இருந்தது. ஆடிப்பெருக்கன்று காவிரிக்குப் படைக்கும் காதோலை கருகமணியில் அப்பெயர் இன்றும் வாழ்கிறது. பூசைப்பொருள் விற்கும் கடைகளில் சிவப்புச் சாயம் தோய்த்துச் சுருட்டிய சிறு பனையோலைச் சுருளாக அது கிடைக்கும். வாங்குவோருள் பலர் அதை அணிகலனாக எண்ணுவதில்லை. ஆயினும் தோட்டின் முதல் வடிவத்தைக் காண விரும்புவோர் வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

அச்சுருளில் ஒரு நுட்பம் உண்டு. பனையோலையைச் சுருட்டிவிட்டால் அது விரியவே முயலும். காதின் துளைக்குள் செருகிய ஓலைச்சுருள் தன் விரிவினாலேயே துளையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். அதற்குத் திருகு வேண்டாம், கொக்கியும் வேண்டாம். அதே விரிவு துளையை மெல்ல மெல்லப் பெரிதாக்கவும் செய்யும். ஆகவே ஓலை அணியாகவும் காது வளர்க்கும் கருவியாகவும் ஒருங்கே பயன்பட்டது. பின்னர்ப் பொன்னில் தோடு செய்தவர்கள் அவ்வுருளை வடிவத்தையே பின்பற்றினர். முன்புறம் வட்டமாகத் தோன்றுவது உண்மையில் சுருளின் வாய். அதை மணியிட்டு மூடினால் பூவாயிற்று. துளை சிறுத்த பிற்காலத்தில் உருளை மெலிந்து தண்டாகி, தண்டு கழன்று விழாதிருக்கத் திருகு வந்தது. இன்றைய திருகுத்தோடு இவ்வாறு ஓலையின் வழித்தோன்றலே. எவ்வளவு மாறினும் ஓர் இயல்பு மட்டும் மாறவில்லை: தோடு காதோடு ஒன்றி நிற்கும்; தானாக அசையாது. தலை திரும்பினால் அதுவும் திரும்பும், அவ்வளவே.

அசையாத அணி என்பதால் தோட்டின் அழகு முழுதும் அடுக்கில் அடங்கியது. ஏழுகல் தோடு இதற்குச் சான்று. நடுவில் ஒரு கல், சுற்றிலும் ஆறு கற்கள். ஏழும் ஒரே அளவினவாக இருப்பின் நடுக்கல்லைச் சுற்றி ஆறு கற்கள் இடைவெளியின்றிப் பொருந்தும். ஏழாவதற்கு இடமிராது, ஐந்து வைத்தால் பிளவு விழும். தேனடை அறைகளின் கணக்கும் இதுவே. அளவொத்த கற்களைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் அரிய வேலை. ஒரு கல் சற்றுப் பெரிதாயினும் அதன் அண்டைக் கற்கள் விலகி, பூவின் ஒரு புறம் வாய்விட்டுக் காணப்படும். பழந்தோட்டில் ஒரு கல் மாற்றப்பட்டிருப்பதைக் கைதேர்ந்தவர் காண்பது பெரும்பாலும் இந்தப் பிளவைக் கொண்டே.

குழை வேறு இனம். குழை என்பதற்குத் தளிர் என்றும் பொருள் உண்டு. ஓலை செருகப்படுவது, தளிர் தொங்குவது. மகரமீன் வடிவில் செய்து காதிலிருந்து நீண்டு தொங்கவிட்டது மகரக்குழை. தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள தென்திருப்பேரைப் பெருமாளுக்கு மகரநெடுங்குழைக்காதர் என்று திருப்பெயர். நெடுமை என்ற அடைமொழி தோட்டுக்குப் பொருந்தாது. தொங்கும் அணிக்கே பொருந்தும். பெயரிட்டவர் அணியின் அமைப்பை அறிந்தே இட்டிருக்கிறார்.

இவ்விரு இனங்களையும் ஒரே திருமேனியில் காணும் வாய்ப்பு உண்டு. சோழர் காலத்து ஆடவல்லான் படிமங்களில் வலச்செவிக்கு ஆடவர் அணியும் இடச்செவிக்கு மகளிர் அணியும் உரியவை. இதனை ஆனந்த குமாரசுவாமி, 1918இல் வெளிவந்த ‘சிவ நடனம்’ நூலில் எடுத்துக்காட்டினார். சிற்ப நூல் வழக்கில் வலப்புறத்தது மகர குண்டலம், இடப்புறத்தது பத்திர குண்டலம். பத்திரம் என்றாலும் இலைதான். எனவே பத்திர குண்டலம் என்பது நம் தோட்டின் வடமொழிப் பெயரேயன்றி வேறோர் அணியன்று. சம்பந்தர் பாடிய முதற் பதிகத்தின் முதற் சொல் தோடு. பெண்பாகத்தைச் சொல்ல வந்த பிள்ளை, கூந்தலையோ வளையையோ முதலில் எடுக்காமல் ஒரு காதின் அணியை எடுத்துக்கொண்டது. அன்றைய செவிக்கு ஆண் பெண் வேறுபாட்டை உணர்த்த அந்த ஒரு சொல்லே போதியதாக இருந்தது. இன்று எல்லாக் காதணியையும் கம்மல் என்றோ தோடு என்றோ ஒரே பெயரில் அடக்கிவிடும் வாசகனுக்கு அச்சொல்லின் பாதி வலிமை போய்விடுகிறது. தோட்டை ஆட்டி, குழையை நிறுத்தி எழுதும் கவிதைகளும் இக்குழப்பத்தில் பிறந்தவையே.

தொங்கும் அணிகள் எல்லாம் ஒரே விதமாக அசைவன அல்ல. வளையம் உண்மையில் தொங்குவது கூட இல்லை, துளையினூடே கோக்கப்பட்டிருக்கிறது. சீரான வளையத்தில் எந்தப் பகுதியும் மேலே வந்து நிற்கலாம் ஆதலால் அது ஊசலாடுவதோடு துளைக்குள் நழுவிச் சுழலவும் செய்யும். காலையில் காதின் பின்னே மறைத்துவைத்த பூட்டுவாய், மாலையில் முன்னே வந்து நிற்பது இதனால்தான்.

லோலாக்கு முழு ஊசல். லோலம் என்ற வடசொல்லுக்கு ஆடுவது என்று பொருள். ஊசலின் வேகத்தை நிறுவுவது எடையன்று, நீளமே. இரண்டு செண்டிமீட்டர் நீளத் தொங்கல் ஒருமுறை சென்று மீள ஏறத்தாழ கால் வினாடிக்குச் சற்று மேலாகும். ஆறு செண்டிமீட்டராயின் அரை வினாடி. இயல்பாக நடக்கும் ஒருவர் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். அதாவது அடிக்கு அரை வினாடி. ஆகவே ஆறு செண்டிமீட்டர் அளவான லோலாக்கு நடைக்கு இயைந்து, ஒவ்வோர் அடியும் ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் வீச்சைப் பெருக்கும். குறுந்தொங்கலோ அடிக்கு அடி நடுங்கி அடங்கிவிடும். நீண்ட லோலாக்கு கன்னத்தில் மோதுவது அணிபவரின் நடைப்பிழையன்று.

ஜிமிக்கியின் சிறப்பு, இரண்டு அசைவுகளை ஒன்றாக உடைமை. தோட்டின் அடியிலுள்ள சிறு கொக்கியில் கவிழ்ந்த குடை ஒன்று தொங்குகிறது. அதன் விளிம்பில் முத்துகளோ பொன்மணிகளோ தொங்குகின்றன. குடை மணியைப்போல மெல்ல ஆடும். அரைச் செண்டிமீட்டர்கூட நீளாத விளிம்பு மணிகள் வினாடிக்கு ஏழுமுறை அளவில் நடுங்கும். மெதுவான ஆட்டத்தின்மேல் விரைவான நடுக்கம் ஏறி நிற்பதால்தான் தலை அசைவு நின்ற பின்னும் ஜிமிக்கி ஒரு கணம் மினுங்கிக்கொண்டிருக்கிறது. நாட்டியத்திற்கு வடசேரிக் கோயில் நகைகளில் ஜிமிக்கி நிலைத்ததற்கு இது காரணமாகலாம். கழுத்தின் சிறு அசைவும் அரங்கின் கடைசி வரிசைக்குத் தெரிகிறது. நீண்ட லோலாக்கைப்போல் வீச்சு மிகுந்து முகத்தை மறைப்பதுமில்லை.

ஓயாது ஆடுவதற்கு விலையும் உண்டு. கொக்கியும் அது மாட்டிய வளையமும் ஒன்றையொன்று தேய்க்கும். தேய்ந்த வளையத்தின் துளை வட்டமாக இராது, மேல்நோக்கி நீண்டு முட்டை வடிவாகும். கம்பி அவ்விடத்தில் மட்டும் மெலியும். இவ்விரண்டும் தென்பட்டால் பற்றவைத்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. இல்லையேல் ஒருநாள் காதில் தோடு மட்டும் இருக்கும். காதுமடலுக்கும் இதே கதிதான்: துளை கீழ்நோக்கி நீண்டு கீறலாகும். தோட்டிலிருந்து காதைச் சுற்றிக் கூந்தலில் செருகும் மாட்டல் அழகுக்காக மட்டும் வந்ததன்று. ஜிமிக்கியின் சுமையில் ஒரு பகுதியை அது கூந்தலுக்கு மாற்றுகிறது. ஐரோப்பாவில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வழங்கிய, கிளைவிளக்கின் பெயர் தாங்கிய கொத்துத் தொங்கல்களும் பாரத்தால் மடலை இழுத்தன. நடுப்பட்டையிலிருந்து மூன்று துளிக்கற்கள் தொங்குவது அவற்றின் அமைப்பு. இன்று சரவிளக்கு வடிவம் என்று விற்கப்படும் அடுக்குத் தொங்கல் அவ்வழி வந்தது. அதில் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே ஆடுவதால் ஒழுங்கான ஊசல் காண்பதற்கில்லை, சலசலப்பே காணலாம்.

இவ்வரிசை எதிலும் அடங்காதது பாம்படம். தென்மாவட்டங்களில் முதிய பெண்டிர் அணிந்த இது, உருண்டையும் கட்டையும் முக்கோணப் பட்டையுமாகச் சேர்ந்த கணித வடிவம். சிறுமியின் காதைக் கீறி, பஞ்சும் ஓலைச்சுருளும் வைத்து, பின் ஈயத்தாலான குணுக்கைத் தொங்கவிட்டு மடல் தோளைத் தொடுமளவு வளர்ப்பார்கள். பாம்படத்தில் ஆடும் உறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அணிந்தவர் நடக்கையில் அது ஆடும். ஏனெனில் ஆடுவது காது. பிற அணிகளில் கொக்கி செய்யும் வேலையை இங்கே நீண்ட தசைக்கயிறு செய்கிறது.

பார்வைக்குப் பெருங்கட்டியான பாம்படம் உள்ளே பொன்னன்று. மெல்லிய தகட்டுக்குள் அரக்கு நிறைத்தது. அரக்கு விண்டுபோனால் காதருகே குலுக்கக் கலகலக்கும். தகடும் எளிதில் நசுங்கும். விற்கச் சென்றால் அரக்கின் எடையைக் கழித்தே விலை பேசுவர். இருபதாம் நூற்றாண்டில் இளைய தலைமுறை காது வளர்ப்பதை விட்டது. வளர்த்த காதுகளையும் பலர் அறுத்துத் தைத்துக்கொண்டனர். தைத்த காதுக்குப் பாம்படம் ஆகாது. பேத்தியின் திருமணத்திற்கு அது உருகித் திருகுத்தோடாகவும் ஜிமிக்கியாகவும் மாறியது. தகட்டை உரித்தெடுத்த பின் எஞ்சிய அரக்குத் துண்டில்தான் பழைய வடிவம் அச்சாக நின்றது. அதையும் தட்டான் தன் பட்டறையில் அடுத்த நகைக்கு உருக்கிக்கொண்டான்.