ஒப்பிடத் தக்கவர் யார்? நாட்ட மதிப்பெண் இணைசேர்ப்பும் லாலொண்ட் தரவும்

ஒரு திட்டத்தில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டு அத்திட்டத்தின் பயனைக் கணக்கிடும் ஆய்வுகளில், கிடைத்த விடை சரியா என்று சோதிக்க வழி இருப்பதில்லை. யார் சேர வேண்டும் என்பதைக் குலுக்கல் தீர்மானித்திருந்தால் இரு குழுக்களும் எல்லா வகையிலும் சராசரியாக ஒத்திருக்கும். அவரவர் விருப்பமும் அதிகாரிகளின் தேர்வும் தீர்மானித்திருந்தால், பின்னர் தெரியும் வேறுபாடு திட்டத்தால் வந்ததா, சேர்ந்தவர்களின் இயல்பால் வந்ததா என்பதைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பிரிக்க இன்று பரவலாகக் கையாளப்படும் முறை, ‘ப்ரொபன்சிட்டி ஸ்கோர்’ எனப்படும் நாட்ட மதிப்பெண்ணைக் கொண்டு ஆட்களை இணைசேர்ப்பது. விடை முன்பே தெரிந்த ஒரு தரவில் இம்முறை சோதிக்கப்பட்ட வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வரலாற்றைப் பலரும் இம்முறையின் வெற்றிக் கதையாகவே எடுத்துச் சொல்கிறார்கள். அதில் உள்ளது அதைவிடப் பயனுள்ள வேறொரு பாடம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவில் 1970களின் நடுவில் ‘நேஷனல் சப்போர்ட்டட் வொர்க்’ என்ற வேலைப்பயிற்சித் திட்டம் நடந்தது. சிறையிலிருந்து வெளிவந்தவர்கள், போதைப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்கள், நீண்டகாலம் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த பெண்கள் ஆகியோருக்கு 9 முதல் 18 மாதம் வரை வேலை உறுதிசெய்யப்பட்டது. தகுதியுள்ள விண்ணப்பதாரர்களுள் யாருக்கு இடம் என்பதைச் சமவாய்ப்பு முறையே முடிவு செய்தது. ஆகவே ஆண்களைப் பொறுத்தவரை 1978ஆம் ஆண்டு வருமானத்தில் திட்டம் உண்டாக்கிய உயர்வு நம்பகமாகத் தெரியும்: 1982ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் 886 டாலர்.

ராபர்ட் லாலொண்ட் 1986இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பயிற்சி பெற்றவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, குலுக்கலில் இடம் கிடைக்காத கட்டுப்பாட்டுக் குழுவை ஒதுக்கிவிட்டார். அந்த இடத்தில் நாடு தழுவிய கணக்கெடுப்புகளிலிருந்து எடுத்த ஆட்களை வைத்தார். சோதனை வசதி இல்லாத ஆய்வாளர் செய்யக்கூடியது அதுதான். பிறகு அக்காலப் பொருளியலாளர்கள் நம்பிய சமன்பாடுகளைப் போட்டுப் பார்த்தார். விடைகள் ஒன்றுக்கொன்று முரணாக, பெரும்பாலும் 886இலிருந்து வெகுதூரம் விலகி வந்தன. எந்தச் சமன்பாட்டை நம்புவது என்று தரவை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைச் சராசரிகளே காட்டிவிடுகின்றன. ராஜீவ் தெஹேஜியா, சதேக் வாபா இருவரும் 1999இல் இதே தரவை மீண்டும் எடுத்தபோது பயன்படுத்திய பகுதியில், பயிற்சி பெற்ற ஆண்கள் 185 பேர். சராசரி வயது 26ஐ ஒட்டியது. மணமானவர்கள் 19 விழுக்காடு. கறுப்பினத்தவர் 84 விழுக்காடு. 1974இல் சராசரி வருமானம் சுமார் 2,100 டாலர். ஒப்பீட்டுக்கு எடுத்த பிஎஸ்ஐடி என்ற குடும்பக் கணக்கெடுப்பின் 2,490 ஆண்களோ சராசரியாக 35 வயதை ஒட்டியவர்கள். அவர்களுள் 87 விழுக்காட்டினர் மணமானவர்கள், 25 விழுக்காட்டினரே கறுப்பினத்தவர், 1974 வருமானம் 19,400 டாலருக்கு மேல். இவர்களை நேரடியாகக் கழித்துப் பார்த்தால் பயிற்சி ஒருவரின் ஆண்டு வருமானத்தை 15,205 டாலர் குறைத்ததாக விடை வரும். இந்தப் பகுதிக்கான சோதனை விடையோ 1,794 டாலர் உயர்வு.

இடைவெளியைச் சமன்பாட்டின் கோட்டை நீட்டி அடைக்கலாம் என்று நினைப்பது எளிது. ஆனால் ஆண்டுக்கு இரண்டாயிரம் டாலர் ஈட்டுபவர்கள் ஒரு பக்கமும் இருபதாயிரம் ஈட்டுபவர்கள் மறுபக்கமும் குவிந்திருக்கும்போது, இடையில் கோடு எப்படி வளைகிறது என்பதற்குத் தரவில் சான்று மிகக் குறைவு. அங்கே ஆய்வாளரின் ஊகமே விடையாகிவிடுகிறது.

பால் ரோசன்பாம், டொனால்ட் ரூபின் இருவரும் 1983இல் நிறுவிய தேற்றம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. வயது, கல்வி, மணநிலை, முந்தைய வருமானம் என்று பல மாறிகளிலும் ஒத்த ஒருவரைத் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். அதற்குப் பதிலாக, இந்த விவரங்களை உடைய ஒருவர் திட்டத்தில் சேர்வதற்கான நிகழ்தகவு எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். அந்த ஒற்றை எண்ணே நாட்ட மதிப்பெண்:

e(x) = P(T = 1 | X = x)

ஒரே மதிப்பெண் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், சேர்ந்தோரிடமும் சேராதோரிடமும் அந்த மாறிகள் ஒரே மாதிரிப் பரவியிருக்கும் என்பது தேற்றம். இது இரு குழுக்களைப் பற்றிய கூற்று, இரு ஆட்களைப் பற்றியது அன்று. 22 வயதுக்காரர் ஒருவரும் 40 வயதுக்காரர் ஒருவரும் வெவ்வேறு காரணங்களால் ஒரே மதிப்பெண் பெறலாம். இணையாக நிற்கும் இருவர் இரட்டையர் அல்லர்.

செய்முறை எளிதுதான். சேர்ந்தாரா இல்லையா என்பதை விளைவாக வைத்து ஒரு லாஜிட் சமன்பாடு பொருத்துகிறோம். ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் கிடைக்கிறது. சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மிக அருகிலுள்ள மதிப்பெண் உடைய சேராதவரைத் தேர்ந்து, இருவரின் வருமான வேறுபாட்டின் சராசரியை எடுக்கிறோம். இங்கே கிடைப்பது சேர்ந்தவர்களுக்கு விளைந்த பயன் மட்டுமே. நாட்டிலுள்ள எல்லா ஆண்களுக்கும் இதே பயன் விளையும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

பலர் தடம் மாறும் இடம் லாஜிட் சமன்பாட்டைச் சரிபார்ப்பதில்தான். அது யார் சேர்வார் என்பதை எவ்வளவு துல்லியமாகக் கணிக்கிறது என்று பார்க்கிறார்கள். கணிப்பு மிகத் துல்லியமாக இருந்தால் இரு குழுக்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை என்று பொருள். அது நல்ல செய்தி அன்று. பார்க்க வேண்டியது சமநிலையை: இணைசேர்த்த பிறகு ஒவ்வொரு மாறியிலும் இரு குழுச் சராசரிகளின் வேறுபாடு திட்டவிலக்கத்தில் எத்தனை பங்கு? பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்பது நடைமுறை வழக்கம். சமநிலை வரவில்லையென்றால் வருமானத்தின் இருபடி உறுப்பையோ, வேலையின்மையும் இனமும் சேர்ந்த பெருக்கல் உறுப்பையோ சேர்த்து மீண்டும் பொருத்த வேண்டும். இத்தனையும் 1978 வருமானத்தைத் திறந்து பார்க்காமலேயே செய்து முடிக்கக்கூடியவை, அப்படியே செய்ய வேண்டியவை. விளைவைப் பார்த்துக்கொண்டே சமன்பாட்டைத் திருத்துபவர், தமக்குப் பிடித்த விடை வரும்வரை திருத்திக்கொண்டே இருக்கலாம்.

தெஹேஜியாவும் வாபாவும் இப்படிச் செய்தபோது, பயிற்சி பெற்றவர்களுள் மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கும் கீழே இருந்த பிஎஸ்ஐடி ஆட்களை விலக்கினார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அதிலேயே வெளியேறினர். எஞ்சியவர்களிலும் பெரும்பாலோர் பூச்சியத்தை ஒட்டியே குவிந்து கிடந்தனர். மறுமுனையிலோ நிலைமை தலைகீழ்: பயிற்சி பெற்றவர்களுள் 0.8க்கு மேல் மதிப்பெண் உடையவர்கள் 97 பேர், அவர்களுக்கு இணையாக நிற்கக் கிடைத்த பிஎஸ்ஐடி ஆட்கள் 7 பேர். 185 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ஒப்பீடு ஏழு மனிதர்களின் வருமானத்தை நம்பி நின்றது. அந்த ஏழு பேருள் ஒருவர் 1978இல் வேலை இழந்திருந்தாலே விடை நகர்ந்துவிடும்.

அவர்கள் இணைசேர்ப்பால் பெற்ற விடை 1,691 டாலர். சோதனை விடையான 1,794க்கு அது வியக்கத்தக்க அளவு அருகில் இருக்கிறது. இந்த நெருக்கம்தான் முறையைப் புகழ்பெறச் செய்தது. ஆனால் அதன் திட்டப்பிழை 2,209 டாலர். ஆகவே விடை பூச்சியமாகவும் இருந்திருக்கலாம், நாலாயிரமாகவும் இருந்திருக்கலாம். முறை சரியான இடத்தில் விழுந்தது உண்மை. குறுகிய வட்டத்துக்குள் விழுந்தது என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் இல்லை. இந்தத் திட்டப்பிழையை மேற்கோள் காட்டுவோர் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஜெஃப்ரி ஸ்மித், பெட்ரா டாட் இருவரும் 2005இல் இன்னும் ஆழமான கேள்வியை எழுப்பினார்கள். லாலொண்டிடம் பயிற்சி பெற்ற ஆண்கள் 297 பேர் இருந்தனர், அது 185 ஆனது ஏன்? பயிற்சிக்கு வருபவர்களின் வருமானம் அதற்குச் சற்று முன் சரிந்திருக்கும் என்று ஆர்லி ஆஷென்ஃபெல்டர் 1978இலேயே காட்டியிருந்தார். அது தற்காலிகச் சரிவா, நெடுநாள் வேலையின்மையா என்று அறிய 1975 வருமானம் மட்டும் போதாது, 1974உம் வேண்டும். அந்த விவரம் தேவைப்பட்டதால்தான் தெஹேஜியாவும் வாபாவும் மாதிரியைச் சுருக்கினார்கள். காரணம் நியாயமானது. ஆனால் சுருக்கிய விதி, முந்தைய ஓராண்டு முழுதும் எந்த வருமானமும் இல்லாதவர்களைக் கூடுதலாக உள்ளே கொண்டுவந்தது. ஒப்பீட்டுச் சிக்கல் எளிதாகிவிட்டது. லாலொண்டின் முழு மாதிரியிலோ, வேறு மாறிகளைக் கொண்டோ கணக்கிட்டால் விடைகள் வெகுவாக மாறின.

ஸ்மித்தும் டாடும் கையாண்ட சோதனை எந்த ஆய்வாளரும் கற்றுக்கொள்ளத் தக்கது. பயிற்சி பெற்றவர்களை விட்டுவிட்டு, குலுக்கலில் இடம் கிடைக்காத கட்டுப்பாட்டுக் குழுவினரை பிஎஸ்ஐடி ஆட்களோடு இணைசேர்த்தார்கள். இரு தரப்பும் பயிற்சி பெறாதவர்கள். முறை சரியென்றால் வேறுபாடு பூச்சியத்தை ஒட்டி வர வேண்டும், அதிலிருந்து விலகி வருவதெல்லாம் முறையின் பிழை. இந்தச் சோதனையில் நிலையாக நின்றவை பெரும்பாலும், இணைசேர்த்தவர்களிடையே வருமானத்தை அல்லாமல் வருமானத்தில் ஏற்பட்ட மாற்றத்தை ஒப்பிட்ட கணக்குகளே. அதற்குக் காரணம் புரிகிறது. திட்டத்தினரின் வருமானம் ஒரு வினாத்தாளாலும் பிஎஸ்ஐடியினரின் வருமானம் வேறொன்றாலும் அளக்கப்பட்டவை. இரு தரப்பும் ஒரே ஊரின் வேலைச்சந்தையில் இருந்தவர்களும் அல்லர். காலத்தால் மாறாத இத்தகைய வேறுபாடுகள் மாற்றத்தை எடுக்கும்போது கழிந்துவிடுகின்றன. நாட்ட மதிப்பெண்ணால் அவற்றைத் தொடவே முடியாது, ஏனெனில் அவை மாறிகளின் பட்டியலில் இல்லை.

இதுதான் முறையின் எல்லை. பதிவான மாறிகளில் மட்டுமே சமநிலை உண்டாகும். வேலை செய்யும் ஊக்கம், குடும்பத்தின் துணை, போதையிலிருந்து மீண்ட உறுதி போன்றவை பதிவாகாமல் சேர்க்கையையும் வருமானத்தையும் ஒருங்கே பாதித்தால், மிக அழகான சமநிலை அட்டவணையும் தவறான விடையையே தரும். பதிவாகாத ஒரு காரணி எவ்வளவு வலுவாக இருந்தால் நம் முடிவு கவிழும் என்று ரோசன்பாம் வகுத்த வரம்புகளைக் கொண்டு கணக்கிடலாம். அது நோயைத் தீர்க்காது, அதன் ஆபத்தை அளக்கும்.

ஆகவே நாட்ட மதிப்பெண்ணின் முதன்மைப் பணி விடை தருவது அன்று என்றே கருதுகிறேன். யாரை யாரோடு ஒப்பிட முடியாது என்பதை ஒரே படத்தில் அது காட்டிவிடுகிறது. பிஎஸ்ஐடியின் 2,490 பேரை வைத்துத் தசமத் துல்லியத்தோடு எழுதப்பட்ட எந்தச் சமன்பாடும் அந்த ஏழு பேரை நமக்குக் காட்டியிராது. இம்முறையைக் கையாளும் கட்டுரைகளை மதிப்பிடுவோர், இரு குழுக்களின் மதிப்பெண் பரவலை அருகருகே காட்டும் படமும், விலக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் என்ற விவரமும், ஒரே ஆள் எத்தனை முறை இணையாகப் பயன்பட்டார் என்ற கணக்கும் இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.