ரெகுலோ 4

பிரிட்டனின் பழைய சமையல் நூல்களில் கேக் குறிப்பின் ஓரத்தில் 'ரெகுலோ 4' என்றிருக்கும். ரெகுலேட்டர் என்ற சொல்லின் வாலை நறுக்கியதுபோல் ஒலிக்கும் இந்தப் பெயர் ஒரு வணிகக்குறி. 1923-இல் 'நியூ வேர்ல்ட்' எரிவாயு அடுப்புகளோடு வந்த வெப்பக் கட்டுப்பாட்டுக் குமிழின் பெயர் அது. பிறகு எந்த நிறுவனத்து அடுப்பானாலும் வீட்டுப் பெண்கள் 'ரெகுலோ' என்றே சொன்னார்கள். ஒரு நிறுவனத்தின் பெயர் மற்றவர்களின் அடுப்பில் எத்தனை நாள் ஒட்டியிருக்கும்? எண்கள் தங்கின, பெயர் மெல்ல 'கேஸ் மார்க்' ஆனது.

குமிழுக்குப் பின்னால் ஒரு பித்தளைக் குழாய் ஓவனுக்குள் நீண்டிருக்கும். அதனுள்ளே, சூட்டில் ஏறக்குறைய நீளாத இன்வார் என்ற நிக்கல்–இரும்புக் கலவைக் கம்பி. சூடேறினால் குழாய் நீளும், கம்பி நீளாது. அந்த வித்தியாசம் வாயு வால்வை மூடும். ஆக, குமிழிலுள்ள 4 என்பது வால்வு எப்போது மூட வேண்டும் என்று சொல்லும் ஓர் இடம்தான். அது டிகிரி அல்ல. எரிவாயு ஓவனில் மேல்தட்டு அதிகச் சூடாகவும் கீழ்த்தட்டு குறைவாகவும் இருக்கும். மார்க் எண் நடுத்தட்டைத்தான் குறிக்கிறது.

ஆனாலும் அந்த எண்களுக்குள் ஃபாரன்ஹீட் ஒளிந்திருக்கிறது. மார்க் 1 என்றால் 275 டிகிரி. அதிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் 25 கூடும். ஆகவே எண்ணை 25-ஆல் பெருக்கி 250-ஐக் கூட்டினால் போதும். 4-க்கு 350 ஃபாரன்ஹீட். அதில் 32-ஐக் கழித்து 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 176.7 செல்சியஸ். அட்டவணைகள் இதை 180 என்று அச்சிடுகின்றன. விசிறி ஓவனுக்கு அதிலும் 20 குறைத்து 160 என்பார்கள். மூன்று டிகிரி முழுமையாக்கியதைக் குறைசொல்பவர்கள், தங்கள் ஓவன் அதைவிட எவ்வளவு அதிகம் பிசகுகிறது என்று பார்ப்பதில்லை.

180-இல் வைத்த ஓவன் ஒருபோதும் 180-இலேயே நிற்பதில்லை. மின்சார ஓவனில் சூடு எல்லையைத் தாண்டியதும் சூடேற்றும் கம்பி அணையும். ஆறியதும் மீண்டும் எரியும். உணரி சுவரோரம் இருக்க, கேக் நடுவில் இருக்கிறது. உணரி பழசாகித் தடம் மாறுவதும் உண்டு. சூடு மிகுந்தால் கேக்கின் மேற்பரப்பு முன்கூட்டியே இறுகி, நடுவில் கூம்பி வெடிக்கும். குறைந்தால் வெளிறி, கனத்துப்போகும்.

சோதிப்பது எளிது. தனி ஓவன் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்து, வெற்று ஓவனை 180-இல் அரைமணி நேரம் சூடேற்றுங்கள். பிறகு ஏறி இறங்கும் பல சுற்றுகளில் உச்சத்தையும் தாழ்வையும் குறித்துக்கொள்ளுங்கள். உச்சம் 180, தாழ்வு 150 என்றால் சராசரி 165; குமிழை 195-இல் வைக்க வேண்டும். ஒரு முறை மட்டும் பார்த்த அளவை நம்பாதீர்கள். 180-இல் கண்ட பிசகு 220-இலும் அப்படியே இருக்கும் என்பதில்லை. அதைத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.