இருமுறை மாறும் மாறி: 'எந்த வரிசை' என்ற விளக்கத்தின் போதாமை

சி மொழியில் ஒரே கோவைக்குள் ஒரு மாறியை இருமுறை மாற்றினால் விடை ஏன் நிலையாக இருப்பதில்லை என்று கேட்டால், பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத் தருகின்றன: இடப்பக்கம் முதலில் கணக்கிடப்படுமா வலப்பக்கமா என்பதைக் கம்பைலர் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. இந்தப் பதிலுக்கு மூலம் கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் எழுதிய நூலின் 2.12ஆம் பிரிவு. உறுப்புகளைக் கணக்கிடும் வரிசையும் பக்க விளைவு நிகழும் நேரமும் கம்பைலரின் முடிவு என்றும், அதனால் கம்பைலருக்குக் கம்பைலர் விடை வேறுபடலாம் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. அந்த நூலின் அதிகாரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவை நம் கேள்விக்கான விடையாகக் கொள்வது பிழை என்பதே என் வாதம்.

அந்தப் பிரிவின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டைப் பார்ப்போம்:

```c
a[i] = i++;
```

இதில் `i` மாற்றப்படுவது ஒரே ஒருமுறை. இன்னோரிடத்தில் அது வாசிக்கப்பட மட்டுமே செய்கிறது. அதே பிரிவில் `++n` வரும் `printf` வரியும் இப்படித்தான். வாசிப்பு முந்தியதா மாற்றம் முந்தியதா என்ற கேள்விக்கு வரிசை பற்றிய விளக்கம் ஓரளவு பொருந்தும். இருமுறை மாற்றம் வேறு வகையானது. `i` 5 என்று வைத்து இதைக் கணக்கிடுவோம்:

```c
k = ++i + ++i;
```

இடமிருந்து வலம் சென்றால் 6 + 7. வலமிருந்து இடம் வந்தால் 7 + 6. எப்படிப் போனாலும் 13தான். வரிசை மட்டுமே காரணமாக இருந்தால் இங்கே சிக்கலே எழக்கூடாது. கிளாங் வழக்கமாக 13 தருகிறது. ஜிசிசியோ வழக்கமாக 14 தருகிறது. ஜிசிசி இரு கூட்டல்களையும் முதலில் முடித்துவிட்டு, பின்னர் `i`யை இருபுறமும் எடுத்துக் கூட்டுகிறது: 7 + 7. வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும் இந்த 14 வராது. மதிப்பைக் கணக்கிடுவதும் அந்த மதிப்பை நினைவகத்தில் எழுதுவதும் தனித்தனி வேலைகள், அவை ஒன்றோடொன்று ஊடறுக்கலாம் என்று ஒப்புக்கொண்டால்தான் 14க்கு விளக்கம் கிடைக்கும்.

ஊடறுப்புக்கு எல்லை வகுப்பதே வரிசைப் புள்ளி. அந்தப் புள்ளியை எட்டும்போது அதற்கு முந்தைய பக்க விளைவுகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முழுக் கோவையின் முடிவு, `&&`, `||`, `?:`, காற்புள்ளிச் செயற்குறி ஆகியவற்றில் முதல் உறுப்பின் முடிவு, சார்பு அழைப்புக்குச் சற்று முன் ஆகியவை அத்தகைய இடங்கள். 1989 ஆன்சி தரம் விதித்தது இதுதான்: இரு வரிசைப் புள்ளிகளுக்கு இடையே ஒரு மாறியின் மதிப்பு ஒருமுறைக்கு மேல் மாற்றப்படலாகாது, பழைய மதிப்பை எடுப்பதும் புதிய மதிப்பைத் தீர்மானிப்பதற்காக மட்டுமே இருக்க வேண்டும்.

இந்த விதியின் அடிக்குறிப்பில் ஒரு பாடவேறுபாடு உண்டு. 1989 பாடத்தில் தடைக்குச் சான்றாக நிற்பது இது மட்டும்:

```c
i = ++i + 1;
```

1999 தரத்தின் பாடத்தில் `a[i++] = i;` என்பதும் சேர்கிறது. முதலாவது இரட்டை மாற்றம், விதியின் முன்பகுதிக்கு உரியது. இரண்டாவது 1978 நூலின் எடுத்துக்காட்டுக்கு உறவானது, பின்பகுதிக்கு உரியது. இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதைத் தரத்தை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே இந்தச் சேர்க்கையை நான் வாசிக்கிறேன். ஓர் அடிக்குறிப்பை மட்டும் வைத்து இதை நிறுவ முடியாது. ஆயினும் விதியே இரு வாக்கியங்களாக அமைந்திருப்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. தரக் குழு பணியாற்றிய 1983க்கும் 1989க்கும் இடையே, 'கம்பைலரின் விருப்பம்' எந்த ஆண்டில் 'தடை'யாக மாறியது என்பதை வெளிவந்த பாடத்தைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது.

'எந்த வரிசை' என்ற விளக்கத்தை இன்னும் கடுமையாகச் சோதிப்பது `f() + g()`. இரு சார்புகளும் ஒரே பொது மாறியை மாற்றினாலும் தரம் இதைத் தடுக்கவில்லை. ஒவ்வோர் அழைப்பிலும் வரிசைப் புள்ளி இருப்பதால் ஒன்றின் வேலை மற்றொன்றுக்குள் ஊடறுக்காது. எது முந்தும் என்பது மட்டும் குறிப்பிடப்படவில்லை. விடை இரண்டில் ஒன்றாக இருக்கும். வரிசை தெரியாமை என்பது இவ்வளவே. `++i + ++i` இதைவிட மோசமான நிலை. அதன் நடத்தையே வரையறுக்கப்படவில்லை. 13, 14 என்று பட்டியலிட்டு, இவற்றுள் ஒன்றுதான் வரும் என்று நம்பவும் இடமில்லை. ஒரு பொருளை ஒருமுறைதான் எழுதுவார்கள் என்ற அனுமானத்தில் கம்பைலர் குறிமுறையைச் சுருக்கவும் இடம்மாற்றவும் செய்கிறது.

2011இல் சி தரம் இவ்விதியை 'முன்பின் வரிசைப்படுத்தல்' என்ற உறவைக் கொண்டு மாற்றி எழுதியது. உள்ளடக்கம் பெரிதும் அதுவே. சி++ 2017இல் ஒதுக்கீட்டின் வலப்பக்கத்தை இடப்பக்கத்துக்கு முன் வரிசைப்படுத்தியதால் `i = i++` அங்கே வரையறை பெற்றது. சி மொழியில் பெறவில்லை. கூட்டலின் இரு உறுப்புகளுக்கு எந்த மொழியும் அந்தச் சலுகையைத் தரக்கூடாது என்பதில்லை. ஜாவா இடமிருந்து வலமாகவே கணக்கிடுகிறது. சி, சி++ இரண்டும் அதைத் தரவில்லை. ஆகவே `++i + ++i` இரண்டிலும் இன்றும் வரையறுக்கப்படாததே. ஜிசிசியில் `-Wsequence-point`, கிளாங்கில் `-Wunsequenced` என்ற எச்சரிக்கைகள் இத்தகைய எளிய வடிவங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒரே மாறியை இரு சுட்டிகள் வழியாக மாற்றும்போது அவற்றால் கண்டுகொள்ள முடியாமல் போகலாம். அங்கே விடை சரியாக வந்தது என்பது கோவை சரி என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கூற்றாகப் பிரிப்பதே உறுதியான வழி.