விலைக்கு முன்னே நடக்கும் கோடு

இன்று செல்போன் திரையில் பங்கு விலைக்குக் கீழே ஓபிவி என்று ஒரு கோடு ஓடுகிறதே, அது பிறந்தது தாளும் பென்சிலும் இருந்த காலத்தில். கைமாறிய பங்குகளை நாள்தோறும் கூட்டிக் கழிக்கும் பழக்கம் அதற்கு முன்பே அமெரிக்காவில் சிலரிடம் இருந்தது. அதற்கு 'ஆன் பேலன்ஸ் வால்யூம்' என்ற பெயரைச் சூட்டி ஊரறியச் செய்தவர் ஜோசப் கிரான்வில். நியூயார்க்கின் ஈ.எஃப். ஹட்டன் தரகு நிறுவனத்தில் தினசரிச் சந்தைக் கடிதம் எழுதிவந்தவர். 1963-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் இந்தக் கோடு உலகைப் பார்த்தது.

கணக்கு மளிகைக்கடைப் பற்றுவரவைவிட எளிது. இன்றைய முடிவு விலை நேற்றையதைவிடக் கூடினால், இன்று கைமாறிய பங்குகள் அனைத்தையும் கூட்டு, குறைந்தால் அனைத்தையும் கழி, மாறாவிட்டால் விட்டுவிடு. இதற்குப் பின்னாலிருந்த எண்ணம்தான் முக்கியம். பெரிய தொகையோடு வருபவர் ஒரே நாளில் வாங்கினால் விலை எகிறி அவருக்கே நஷ்டம். எனவே வாரக்கணக்கில், சிறுகச் சிறுக வாங்குவார். விலையில் அது தெரியாது. ஆனால் கைமாறும் எண்ணிக்கையை அவரால் மறைக்க முடியாது.

கற்பனையாக ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். பல வாரங்களாக 196-க்கும் 204-க்கும் இடையே அலைகிறது. ஒரு வாரம் 200 ரூபாயில் தொடங்குகிறது. கோட்டைப் பூஜ்யத்திலிருந்து வைப்போம். திங்கள் 202-க்கு ஏறுகிறது, 3 லட்சம் பங்குகள்: கோடு 3 லட்சம். செவ்வாய் 199-க்கு இறங்குகிறது, ஆனால் 1 லட்சம்தான்: கோடு 2. புதன் 201, 4 லட்சம்: கோடு 6. வியாழன் 198, ஒன்றரை லட்சம்: கோடு நாலரை. வெள்ளி மறுபடி 200, மூன்றரை லட்சம்: கோடு 8 லட்சம்.

விலை கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது. கோடு வரவில்லை. இறங்கும் நாளில் விற்க ஆளில்லை, ஏறும் நாளில் வாங்க ஆளிருக்கிறது. இப்படியே நாலைந்து வாரம் தொடர்ந்து, விலை 204-ஐத் தொடாத நிலையில் கோடு மட்டும் தன் பழைய உச்சத்தைத் தாண்டினால், யாரோ சேர்க்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. கோடு நிற்கும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. நாம் எந்த நாளில் தொடங்கினோம் என்பதைப் பொறுத்து அது மாறும். பார்க்க வேண்டியது சாய்வையும் உச்சங்களையும்தான்.

இந்தக் கோட்டுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. விலை ஐந்து காசு ஏறினாலும் அன்றைய வால்யூம் முழுவதையும் வாங்கியவர் பக்கம் எழுதிவிடும். ஒரு பெரிய நிதி இன்னொரு நிதிக்கு 40 லட்சம் பங்குகளை ஒரே நாளில் கைமாற்றினால், கோடு கிணற்றுச் சுவர் போலச் செங்குத்தாக எழும். அது சேகரிப்பு அல்ல. அந்த ஒரு நாளை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். ஏற்றமே காணாமல் போனால் நம்பாதீர்கள். உண்மையான சேகரிப்பு படிக்கட்டு போல, சின்னச் சின்னப் படிகளாக ஏறும். நம் சந்தையில் இன்னொரு சோதனையும் உண்டு. தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு பங்குக்கும் டெலிவரி எடுக்கப்பட்ட அளவைத் தினமும் வெளியிடுகிறது. கோடு ஏறும் நாட்களில் டெலிவரி விகிதமும் வழக்கத்தைவிடக் கூடியிருக்க வேண்டும். கூடாவிட்டால், காலையில் வாங்கி மாலையில் விற்ற கூட்டம்தான் அந்தக் கோட்டைத் தூக்கியிருக்கிறது.

கிரான்விலின் வாழ்க்கையே இந்தக் கோட்டின் வரம்பைச் சொல்லும். 1981 ஜனவரி 6 இரவு, தன் பல அளவுகோல்களை வைத்து, எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்று சந்தாதாரர்களுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் டவ் ஜோன்ஸ் சுமார் 24 புள்ளிகள் விழுந்தது. 9 கோடிக்கு மேல் பங்குகள் கைமாறி அதுவரை இல்லாத சாதனையானது. அடுத்த ஒன்றரை வருடம் சந்தை பெரும்பாலும் இறங்கியது. ஆனால் 1982 ஆகஸ்டில் பெரிய ஏற்றம் தொடங்கியபோதும் அவர் வீழ்ச்சியையே சொல்லிக்கொண்டிருந்தார். பின்தொடர்ந்தவர்கள் அந்த ஏற்றத்தைத் தவறவிட்டார்கள்.

ஆகவே கோட்டைப் பார்த்து வாங்காதீர்கள். கவனிக்க வேண்டிய பங்குகளின் பட்டியலில் சேர்க்க மட்டும் பயன்படுத்துங்கள். நம் பங்கு, நல்ல வால்யூமோடு 204-க்கு மேல் முடிவடைந்த பிறகுதான் உடைப்பு உறுதி. மாறாக 196-க்குக் கீழே முடிந்தால், கோடு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அந்தக் கணிப்பு பொய்த்தது. அன்றே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.